சின்ன முள்ளில் தொடங்குங்கள்: அட்டைக் கடிகாரத்தை வைத்து மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பாடம்

குழந்தைகளுக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது பெரும்பாலானவர்கள் இரண்டு முள்ளையும் முதல் நாளே காட்டிவிடுகிறார்கள். “பெரிய முள் 12-இல் இருந்தால், சின்ன முள் எங்கே இருக்கிறதோ அதுதான் மணி” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். குழந்தையும் அன்றைக்கே மூன்று மணி, ஏழு மணி எல்லாம் சரியாகச் சொல்லிவிடும். சிக்கல் அடுத்த வாரம் வரும். மூன்றரையைக் காட்டினால் “மூணு ஆறு” என்கும். மூன்றே முக்காலைக் காட்டினால் நாலே முக்கால் என்கும். சின்ன முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதை அந்தக் குழந்தைக்கு யாரும் காட்டவில்லை, அதனால்தான் இப்படி.

அதனால் இந்தப் பாடத்தைச் சின்ன முள்ளை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். பெரிய முள்ளைச் செய்து ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். ஒற்றை முள்ளை வைத்தே மணியையும் அரை மணியையும் சொல்ல முடியும். ஐரோப்பாவின் பழைய இயந்திரக் கடிகாரங்கள் பலவற்றுக்கு ஒரே ஒரு முள்தான் இருந்தது. கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகு நேரம் துல்லியமானது, அதற்கப்புறம்தான் நிமிட முள்ளுக்கு உண்மையான தேவையே வந்தது. அதுவரை பெரியவர்களும் ஒற்றை முள்ளைப் பார்த்தே நாளை ஓட்டினார்கள்.

குழந்தைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது அதிகமில்லை. 1 முதல் 12 வரை எண்களைப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். ஏழுக்கு அப்புறம் என்ன, ஏழுக்கு முன்னால் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வர வேண்டும். ஐந்து ஐந்தாக எண்ணுவது இப்போதைக்குத் தேவையில்லை. பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதில் இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

கடிகாரம் செய்வது

அட்டைப் பெட்டியின் கெட்டியான அட்டையில் சுமார் 28 செ.மீ. குறுக்களவுள்ள வட்டம் வெட்டுங்கள். அந்த அளவில் ஒரு தட்டைக் கவிழ்த்து வரைந்தால் போதும். எண்களைக் கண்மதிப்பில் எழுதவே கூடாது. கண்மதிப்பில் எழுதினால் 12-இலிருந்து 4 வரை தாராளமாக இடம் எடுத்துக்கொள்ளும், 9, 10, 11 மூன்றும் நெருக்கியடித்து நிற்கும். இந்தப் பாடமே இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைப் பற்றியது என்பதால், இடைவெளி ஒன்றுபோல் இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிப்போகும்.

சுலபமான வழி ஒன்று இருக்கிறது. அதே அளவில் செய்தித்தாளில் ஒரு வட்டம் வெட்டிப் பாதியாக மடியுங்கள். மறுபடியும் பாதியாக மடியுங்கள். கையில் இருப்பது இப்போது கால் வட்டம். அதை மூன்று சம பங்காக மடித்து, விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டுப் பிரியுங்கள். மையத்திலிருந்து பன்னிரண்டு மடிப்புக் கோடுகள் கிளம்பியிருக்கும். தாளை அட்டையின் மேல் வைத்து, கோடுகள் ஓரத்தைத் தொடும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாக் கோடும் சந்திக்கும் புள்ளியில் கோணி ஊசியால் ஓட்டை போடுங்கள், இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். அப்புறம் ஸ்கேல் வைத்து மையத்திலிருந்து பன்னிரண்டு கோடுகளையும் அட்டையிலேயே போட்டுவிடுங்கள்.

இப்போது பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு வெளிர் நிறங்களைப் பூசுங்கள். எண்களைத் துண்டுகளுக்கு நடுவில் எழுதிவிடாதீர்கள், கோட்டின் மேல்தான் எழுத வேண்டும். முதலில் 12, 6, 3, 9. பிறகு மற்றவை. மையத்திலிருந்து 11 செ.மீ. தள்ளி, எல்லா எண்ணும் நிமிர்ந்து நிற்கும்படி எழுதுங்கள். நிமிடக் கோடுகள் எதுவும் இந்த வட்டத்தில் வேண்டாம்.

முள்ளை வேறோர் அட்டையில் வெட்டுங்கள். சின்ன முள் மையத்திலிருந்து 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம், சிவப்பு. பெரிய முள் 13 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலம், நீலம். நிறத்தால் மட்டும் வேறுபாடு காட்டினால் போதாது. சுவரில் இருக்கும் நிஜக் கடிகாரத்தில் இரண்டு முள்ளும் கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் நீளமும் அகலமும் ஒரே பார்வையில் தெரியும்படி வித்தியாசப்பட வேண்டும்.

முள்ளைப் பொருத்த, காகிதங்களைக் கோக்கும் இரண்டு கால் பித்தளை ஊசி, அதாவது ஸ்பிளிட் பின் இருந்தால் நல்லது. இல்லையென்றால் முன்பக்கம் ஒரு பொத்தானும் பின்பக்கம் ஒரு பொத்தானும் வைத்து, கெட்டி நூலால் இழுத்து முடிச்சுப் போடலாம். முள்ளுக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்ன அட்டை வில்லையைச் செருகுங்கள். கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்து முள்ளை 2-இல் நிறுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் முள் தானாகத் தொங்கி 6-க்குப் போனால் பிடிப்பு போதாது என்று அர்த்தம். இன்னொரு வில்லை வைத்து இறுக்குங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பாடத்தின் நடுவில் முள் நழுவினால் குழந்தை நழுவிய இடத்தைத்தான் படிக்கும்.

அன்றாட வேலைகளைத் தேர்ந்தெடுப்பது

ஒரு நாளில் குழந்தை செய்யும் ஐந்து வேலைகள் போதும். உதாரணத்துக்கு ஒரு குழந்தையின் நாளை எடுத்துக்கொள்வோம். எழுந்திருப்பது ஆறரை. பள்ளிக்குக் கிளம்புவது எட்டு. மதியச் சாப்பாடு பன்னிரண்டரை. விளையாட்டு ஐந்து. தூக்கம் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து அட்டை செய்துகொள்ளுங்கள், குழந்தையே வரைந்தால் இன்னும் நல்லது. அட்டையில் நேரத்தை எழுத வேண்டாம்.

பாட வசதிக்காக நேரத்தை மாற்றிச் சொல்லாதீர்கள் என்பதுதான் இதில் முக்கியம். வீட்டில் எட்டே காலுக்குக் கிளம்புகிறார்கள் என்றால் அதை எட்டு மணி என்று சொல்லிக்கொடுத்தால், மறுநாள் காலையில் குழந்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும்போது அது பொய்யாகிவிடும். அந்த வேலையை விட்டுவிட்டு, உண்மையிலேயே முழு மணிக்கோ அரை மணிக்கோ பக்கத்தில் நடக்கும் வேறு வேலையைத் தேடுங்கள். முன்னே பின்னே ஐந்து நிமிடம் போனால் பரவாயில்லை. “எட்டு மணி ஆகப்போகிறது”, “எட்டு மணி கொஞ்சம் தாண்டிவிட்டது” என்று சொல்லிப் பழக்கலாம். இந்த இரண்டு வாக்கியங்களும் பின்னால் நிமிடங்களைப் படிக்க வரும்போது ரொம்பவே உதவும்.

காலை, மாலை, இரவு என்று அட்டையின் மேலே ஒரு சூரியனோ நிலாவோ வரைந்துவிடுங்கள். ஒரே நாளில் முள் இரண்டு சுற்று வருகிறது, ஒன்பது மணியும் இரண்டு முறை வருகிறது என்பது குழந்தைக்குப் புதிது. காலை ஒன்பதுக்கு வகுப்பில் இருக்கிறாய், இரவு ஒன்பதுக்குத் தூங்குகிறாய் என்று இரண்டு அட்டைகளை ஒரே முள்ளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் புரிந்துவிடும். இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

முதல் பாடம்

அரை மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள். அட்டைக் கடிகாரத்தை மேசையில் படுக்க வைத்தால் எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு 6 மேலேயும் 12 கீழேயும் தெரியும். ஆகவே அதைச் சுவரில் சாய்த்தோ மாட்டியோ வையுங்கள், குழந்தைகள் எல்லாரும் ஒரே பக்கம் உட்காரட்டும். பக்கத்திலேயே ஒரு நிஜக் கடிகாரம் இருக்க வேண்டும். அதில் பன்னிரண்டு எண்களும் சாதாரண எண்களாக இருக்கட்டும். ரோமன் எண்கள், வெறும் புள்ளிகள் உள்ளவை இப்போது வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடம் நிஜக் கடிகாரத்தைப் பார்க்க மட்டும். எந்த முள் வேகமாகப் போகிறது, எது நகர்வதே தெரியவில்லை என்று கேளுங்கள். அதன் பின்பக்கத்தில் நேரம் மாற்றும் திருகு இருக்கிறதல்லவா, அதை மெதுவாகத் திருப்பிக் காட்டுங்கள். பெரிய முள் ஒரு முழுச் சுற்று போய் வருவதற்குள் சின்ன முள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத்தான் போகிறது. குழந்தையின் கண் இயல்பாகப் பெரிய முள் பின்னால் ஓடும். “சின்ன முள்ளை மட்டும் பாரு” என்று சொல்லி இன்னொரு முறை திருப்புங்கள். அட்டைக் கடிகாரத்தால் இதைக் காட்டவே முடியாது, அதில் இரண்டு முள்ளுக்கும் பல்சக்கரத் தொடர்பு கிடையாது. அதனால் இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்க வேண்டாம்.

அடுத்த பத்து நிமிடம் ஒற்றை முள் அட்டைக் கடிகாரம். ஒவ்வொரு நிறத் துண்டும் ஒரு வீடு என்று சொல்லுங்கள். 3-இன் கோட்டில் தொடங்கி 4-இன் கோடு வரை உள்ளது மூன்றின் வீடு. முள் சரியாகக் கோட்டின் மேல் நின்றால் அப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது, அது மூன்று மணி. பிறகு அது வீட்டுக்குள்ளேயே மெல்ல நடக்கிறது. நாலின் கோட்டைத் தொடும் வரைக்கும் அது மூன்றின் வீட்டில்தான் இருக்கிறது. முள்ளைப் பல இடங்களில் நிறுத்தி, “யார் வீட்டில் இருக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். மணி என்ன என்று இப்போது கேட்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் வரும் தவறு எப்போதும் ஒன்றுதான். முள் 4-க்கு மிக அருகில் இருக்கும்போது குழந்தை “நாலு” என்கும், கிட்டத்தில் இருக்கும் எண்ணைப் படிக்கிறது. அப்போது “தப்பு” என்று சொல்லாமல், முள்ளை 3-இன் கோட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய், குழந்தையின் விரலாலேயே மறுபடி நகர்த்தச் சொல்லுங்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

“முள் எங்க கிளம்புச்சு?”

“மூணுல, டீச்சர்.”

“இப்ப எங்க நிக்குது? நாலு கோட்டைத் தொட்டுடுச்சா?”

“இன்னும் இல்ல. கொஞ்சம் இருக்கு.”

“அப்ப யார் வீட்டுல இருக்கு?”

“மூணு வீட்டுலதான்.”

நிறம் பூசியது இதற்காகத்தான். முள்ளின் நுனி எந்த நிறத்தின் மேல் இருக்கிறது என்று குழந்தையே பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். மூன்று, ஏழு, பத்து என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். 12-இன் வீட்டைத் தனியாக ஒரு முறை செய்ய வேண்டும். அங்கே அடுத்த எண் 13 இல்லை, 1. அதனால் அந்த வீட்டின் நடுவில் முள் நின்றால் நிறைய குழந்தைகள் ஒன்று என்பார்கள்.

மிச்ச நேரத்தில் வேலை அட்டைகளை எடுங்கள். முதல் நாளில் எட்டு, ஐந்து, ஒன்பது மூன்று மட்டும். ஓர் அட்டையைக் காட்டி, “இந்த நேரத்துக்கு முள்ளை வை” என்று சொல்லுங்கள். அடுத்து முள்ளை வைத்துக் காட்டி, எந்த அட்டை என்று கேளுங்கள். படிப்பது, வைப்பது இரண்டும் வேண்டும். படிக்கத் தெரிந்த குழந்தைக்கு வைக்கத் தெரியாமல் இருப்பது சகஜம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நிலா வரைந்த தூங்கும் படத்தைப் பார்த்ததுமே குழந்தை “ஒன்பது” என்று சொல்லிவிடும், முள்ளைப் பார்த்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க, தூங்கும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே முள்ளை மூன்றில் வைத்து, “இப்ப மணி என்ன, தூங்கற நேரமா?” என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே “இல்ல, மூணு மணி” என்றால் முள்ளைப் படிக்கிறது. “ஒன்பது” என்றால் படத்தைப் படிக்கிறது. அப்போது அட்டைகளை ஒதுக்கிவிட்டு, வெறும் முள்ளோடு ஒரு நாள் கூடுதலாகச் செலவிடுங்கள்.

அரை மணி

வீட்டுக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வரத் தொடங்கியதும் அரை மணிக்குப் போகலாம். ஒவ்வொரு வீட்டின் நடுவிலும் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். மடிப்பு போட்ட செய்தித்தாளை இன்னொரு முறை பாதியாக மடித்தால் அந்தப் புள்ளிகள் சரியாகக் கிடைக்கும். முள் மூன்றின் வீட்டில் பாதி தூரம் போய்விட்டது, ஆகவே மூன்றரை. நாம் பேசும் முறையே இங்கே கைகொடுக்கிறது: மூன்றும் ஓர் அரையும் என்று, தாண்டி வந்த எண்ணைத்தான் முதலில் சொல்கிறோம். இப்போது எழுந்திருக்கும் ஆறரை, சாப்பாட்டின் பன்னிரண்டரை அட்டைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகுதான் கவரில் இருக்கும் நீல முள் வெளியே வர வேண்டும். முழு மணிக்கு அது 12-இல், அரை மணிக்கு 6-இல், இவ்வளவுதான் இப்போது. இதைக் காட்டும்போது உங்கள் இரண்டு கைகளும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், முந்தின நாளே பழகிக்கொள்ளுங்கள். வலது கையால் நீல முள்ளை 12-இலிருந்து 6-க்குக் கொண்டுவரும்போதே, இடது கையால் சிவப்பு முள்ளை 3-இலிருந்து நடுப் புள்ளிக்குத் தள்ளுங்கள். நீல முள் மறுபடி 12-க்குப் போகும்போது சிவப்பு முள் 4-ஐத் தொட வேண்டும். நீல முள்ளை மட்டும் திருப்பிவிட்டுச் சிவப்பு முள்ளை 3-லேயே விட்டால், இதுவரை சொல்லிக்கொடுத்ததை நீங்களே அழித்ததாகிவிடும். அட்டைக் கடிகாரத்தில் கற்ற குழந்தைகள் மூன்றரை வைக்கச் சொன்னால் சிவப்பு முள்ளைச் சரியாக 3-இல் வைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

புரிந்திருக்கிறதா என்று பார்க்க நான் மிகவும் நம்புகிற சோதனை ஒன்று உண்டு. சிவப்பு முள் துல்லியமாக 3-இன் கோட்டில், நீல முள் 6-இல் என்று தவறாக வைத்து, “இந்த மாதிரி நிஜக் கடிகாரத்துல வருமா?” என்று கேளுங்கள். “வராது, சின்ன முள் நடுவுல இருக்கணும்” என்று சொல்லி, குழந்தை தானே முள்ளைத் தள்ளினால் பாடம் இறங்கிவிட்டது. “மூன்றரை” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனால் அது நீல முள்ளின் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது, நீல முள்ளைக் கழற்றிவிட்டு மறுபடி வீட்டு விளையாட்டுக்குத் திரும்புங்கள். “மூணு ஆறு” என்று சொன்னாலும் இதேதான் மருந்து. சிவப்பைப் படித்து முடித்த பிறகே நீலத்தைப் பார்க்க வேண்டும் என்ற வரிசை இன்னும் பழகவில்லை.

பாடத்துக்கு வெளியே

உண்மையான பயிற்சி நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. அட்டைக் கடிகாரத்தை நிஜக் கடிகாரத்துக்குப் பக்கத்தில், குழந்தையின் கண்ணுக்கு நேர் உயரத்தில் மாட்டுங்கள். தேர்ந்தெடுத்த வேலைகளில் மூன்று நேரங்களில் குழந்தை இரண்டையும் பார்த்து, அட்டை முள்ளை நிஜக் கடிகாரம் போல வைக்கட்டும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது. வேலைக்குச் சற்று முன்னால் கேட்பது நல்லது. ஐந்து மணிக்கு விளையாடப் போக வேண்டும் என்றால் நாலே முக்காலுக்கே, “சின்ன முள் இப்ப யார் வீட்டுல இருக்கு, அஞ்சைத் தொட்டுடுச்சா?” என்று கேளுங்கள். விளையாட்டுக்குக் காத்திருக்கும் குழந்தை அந்த முள்ளை வேறு எப்போதும் பார்க்காத கவனத்தோடு பார்க்கும். நாலே முக்காலில் முள் 5-க்கு அருகில் நின்றும் இன்னும் நாலின் வீட்டில் இருப்பது, அப்போதுதான் அதற்கு உறைக்கும்.

இந்தப் பாடத்தை “எவ்வளவு நேரம் ஆகும்?” என்ற கேள்வியோடு கலக்காதீர்கள். மணி எத்தனை என்று பார்ப்பது ஒன்று, சாப்பிட எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கிடுவது வேறொன்று. இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்தால் குழந்தை இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

வேலை அட்டைகளின் உதவி இல்லாமல், கலந்து கொடுத்த முழு மணிகளையும் அரை மணிகளையும் நான்கைந்து தொடர்ந்து சரியாகப் படித்தும் வைத்தும் காட்டினால், முதலில் துண்டுகளின் நிறத்தை எடுங்கள். மேலே வெள்ளைத் தாளில் எண்கள் மட்டும் எழுதி ஒட்டினால் போதும். இரண்டு நாள் கழித்து இரண்டு முள்ளையும் கறுப்பாக்குங்கள். தடுமாற்றம் இல்லையென்றால் அட்டைக் கடிகாரத்தின் வெளி ஓரத்தில் 5, 10, 15 என்று நீல எண்களை எழுதத் தொடங்கலாம். அதற்கு முன்னால் குழந்தை ஐந்து ஐந்தாக 60 வரை எண்ணுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். எண்ணவில்லையென்றால் அதைத் தனியாகப் பழக்கிவிட்டு வாருங்கள். அதுவரை மணியும் அரை மணியும் மட்டும் சுவர்க் கடிகாரத்தில் தினமும் தொடரட்டும்.